பையனுக்கு ஜி6பிடி குறைபாடு: மும்பையில் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பையனுக்கு மலேரியா. மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாள் சிறுநீர் கட்டன் சாயா மாதிரி போகிறது. மலேரியா முற்றிவிட்டதா, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா?

மாத்திரைதான். அதுவும் ஒரே ஒரு மாத்திரை. அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள், மீதியைப் பிறகு பேசலாம்.

மும்பையில் மழைக்காலத்தில் வரும் மலேரியாவில் பெரும்பங்கு வைவாக்ஸ் வகை. இதற்கு இரண்டு மருந்து தருவோம். குளோரோகுவின் மூன்று நாள். ரத்தத்தில் இருக்கும் கிருமியை இது கொல்லும். பிரைமாகுவின் பதினாலு நாள். கல்லீரலுக்குள் ஒளிந்து தூங்கும் கிருமியை அழிக்க. இந்த இரண்டாவது மாத்திரையைத்தான், சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பையனின் ரத்தம் தாங்காது.

ஒரு கேஸை வைத்துச் சொன்னால் தெளிவாகும். தாராவியில் ஏழு வயதுப் பையன், எடை 20 கிலோ. ரத்தப் பரிசோதனையில் வைவாக்ஸ் என்று வந்தது, ஹீமோகுளோபின் 11.2. பிரைமாகுவின் கிலோவுக்கு 0.25 மி.கி. கணக்கில் தினம் 5 மி.கி. கொடுத்தார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது, பையன் தட்டில் சோறு கேட்டான், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நாலாம் நாள் மாலை முதுகு வலிக்கிறது என்றான், முகம் வெளுத்திருந்தது, சிறுநீர் கறுத்துப் போனது. மறுநாள் ஹீமோகுளோபின் 7.8.

மலேரியாவும் ரத்தத்தைக் குறைக்கும் என்பதால் இங்கேதான் பலர் குழம்புவார்கள். ஆனால் ஸ்லைடில் கிருமி இல்லை. கிருமி போன பிறகும் ரத்தம் வேகமாக இறங்கினால் வேறு காரணம் தேட வேண்டும். சிறுநீரில் டிப்ஸ்டிக் வைத்தால் ‘ரத்தம் இருக்கிறது’ என்று காட்டியது; அதே சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணு ஒன்றுகூட இல்லை. அப்படியானால் அணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்து, உள்ளிருந்த ஹீமோகுளோபின் மட்டும் சிறுநீரகம் வழியாக வழிந்திருக்கிறது என்று பொருள். கட்டன் சாயா நிறத்துக்குக் காரணம் அதுதான்.

பிரைமாகுவினை நிறுத்தினார்கள், சிறுநீரகத்தைக் காப்பாற்ற நரம்பு வழியாக நீர் ஏற்றினார்கள். ஹீமோகுளோபின் 7.4 வரை இறங்கி நின்றது. அதற்குள் சிறுநீர் வெளுக்கத் தொடங்கிவிட்டதால் ரத்தம் ஏற்றவில்லை. 7-க்குக் கீழே போயிருந்தாலோ, 7-க்கும் 9-க்கும் நடுவில் இருக்கும்போதே சிறுநீர் தொடர்ந்து கறுப்பாகப் போயிருந்தாலோ ஏற்றியிருப்பார்கள். ஃபோலிக் அமிலம் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் 10.5.

ஆனால் ஜி6பிடி டெஸ்ட் எடுத்தால் ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறதே?

எப்போது எடுத்தீர்கள் என்று தேதியைப் பாருங்கள். அணுக்கள் உடைந்துகொண்டிருக்கும்போது அல்லது உடைந்த அடுத்த வாரம் எடுத்திருந்தால் அந்த ‘நார்மல்’ செல்லாது.

சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். ஆக்ஸிஜனோடு சேர்ந்தே வாழ்வதால் அதற்குள் எப்போதும் துருப்பிடிப்பது போன்ற ஒரு சேதம் நடந்துகொண்டே இருக்கும். அந்தச் சேதத்தைச் சரிசெய்ய குளூட்டாதையோன் என்ற ஒரு பொருள் அணுவுக்குள் இருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக் கொடுக்கும் வேலைக்கு ஜி6பிடி என்ற நொதி வேண்டும். உடம்பின் மற்ற அணுக்களுக்கு இந்த வேலைக்கு மாற்று வழி உண்டு. சிவப்பணுவுக்கு இதை விட்டால் வேறு கதி இல்லை. புதிதாகப் பிறந்த அணுவில் நொதி ஓரளவு இருக்கும், வயதாக வயதாகத் தேய்ந்துவிடும், புதிதாக உண்டாக்கிக்கொள்ளவும் முடியாது. பிரைமாகுவின் மாதிரி ஒரு மருந்து உள்ளே வந்தால் நொதி தீர்ந்துபோன கிழட்டு அணுக்கள் முதலில் உடையும்.

அப்போது மிஞ்சுவது யார்? இளம் அணுக்கள். கூடவே எலும்பு மஜ்ஜையும் அவசரமாகப் புது அணுக்களை அனுப்பும். அந்த ரத்தத்தை எடுத்து அளந்தால் நொதி போதுமான அளவு இருப்பதுபோலத்தான் தெரியும். ரத்தம் ஏற்றியிருந்தால் இன்னும் மோசம். ரத்தம் கொடுத்தவருடைய நொதியைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

ஆகவே, எல்லாம் அடங்கி மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். மேலே சொன்ன பையனுக்கும் ஆஸ்பத்திரியில் எடுத்தது எல்லைக்கோட்டில் நார்மல், மூன்று மாதம் கழித்து எடுத்தது மிகக் குறைவு. அந்த மூன்று மாதமும் குறைபாடு இருக்கிறது என்றே வைத்து நடந்துகொள்ளுங்கள். காத்திருக்க முடியாது என்றால் மரபணுவை நேரடியாகப் பார்க்கும் சோதனை உண்டு. அணுவின் வயது அதைப் பாதிக்காது. பரேலில் கே.இ.எம். வளாகத்தில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய ரத்த நோய் எதிர்ப்பியல் நிறுவனம் இந்தத் துறையில் பல காலமாக வேலை செய்துவருகிறது.

ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

இரண்டு வகை டெஸ்ட் உண்டு. ஒன்று, புற ஊதா வெளிச்சத்தில் ரத்தப் பொட்டு ஒளிர்கிறதா என்று பார்ப்பது. ‘இருக்கிறது, இல்லை’ என்று மட்டும் சொல்லும். இன்னொன்று, ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு எத்தனை யூனிட் என்று அளப்பது. இரண்டாவதை வாங்குங்கள். லேபுக்கு லேப் இயல்பளவு மாறும், அதனால் தனியாக எண்ணைப் பார்த்துப் பயனில்லை, அந்த லேபின் இயல்பளவில் எத்தனை சதவீதம் என்று கணக்கிடச் சொல்லுங்கள். 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் சந்தேகமில்லாத குறைபாடு. பையன்களுக்குப் பெரும்பாலும் இதில் தயக்கம் வராது. ஒன்று நன்றாகக் குறைந்திருக்கும், இல்லையென்றால் இயல்பாக இருக்கும். நடுவில் ஊசலாடுவது பெண் குழந்தைகளின் ரிப்போர்ட்தான்.

எண் குறைவாக இருப்பதால் பையன் தினமும் நோயாளி என்று ஆகாது. சீண்டும் பொருள் எதுவும் வராதவரை ஹீமோகுளோபின் மற்றப் பையன்களைப் போலவே இருக்கும். விளையாட்டு, நீச்சல், கிரிக்கெட் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. தடுப்பூசி எல்லாம் போடலாம்.

இது யார் வழியில் வந்தது? மாமியார் என்னைத்தான் குத்திக்காட்டுகிறார்.

மரபணுப்படி உங்கள் வழியில்தான் வந்திருக்கும், அதில் குற்றம் எதுவும் இல்லை. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும், அப்பாவிடமிருந்து ஒய் வரும். அதனால் அப்பாவால் இதை மகனுக்குக் கொடுக்கவே முடியாது. உங்களுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று சமாளித்துவிடும், நீங்கள் அறியாமலே சுமந்துகொண்டிருப்பீர்கள். மலேரியா இருந்த ஊர்களில்தான் இந்த மரபணு பரவலாக இருக்கிறது, ஏனென்றால் அது மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. மும்பையில் பார்சிகளிடம் இது அதிகம் என்பது பழைய செய்தி. இந்தியாவில் காணப்படும் ஒரு வகைக்குப் பெயரே ‘கேரளா-கல்யாண்’. நம்ம லோக்கல் டிரெயின் போகிற கல்யாண்தான்.

இப்போது செய்ய வேண்டிய உபயோகமான காரியம், பழி சொல்வது அல்ல, அம்மா பக்கத்து ஆண்களைச் சோதிப்பது. பையனின் தாய்மாமனுக்கும் இது இருக்க வாய்ப்பு உண்டு. பெரியம்மா, சித்தி பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும். கூடப்பிறந்த தம்பி இருந்தால் அவனுக்கும்.

நம் வீடுகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தாய்மாமனுக்கு அக்கா மகளைக் கட்டிக்கொடுப்பது நம்மிடம் உண்டு. மாமனுக்குக் குறைபாடு இருந்து, அந்தப் பெண் அம்மாவிடமிருந்து பழுதான எக்ஸ் வாங்கியிருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் மகன்களில் பாதிப்பேருக்கு வருவதோடு மகள்களிலும் பாதிப்பேருக்கு இரண்டு எக்ஸும் பழுதாக வாய்ப்பு உண்டு. அப்போது பெண் குழந்தைக்கும் பையனைப் போலவே முழுக் குறைபாடு. ‘பெண்ணுக்கு வராது’ என்று எழுதியிருப்பதை நம்பி டெஸ்ட் எடுக்காமல் விடாதீர்கள்.

அப்படியானால் மலேரியா மறுபடி வந்தால் என்ன மருந்து கொடுப்பீர்கள்?

குளோரோகுவின் கொடுப்போம். வழக்கமான அளவில் அது இந்தக் குழந்தைகளுக்கு ஆபத்தில்லை. சிக்கல் கல்லீரலில் தூங்கும் கிருமி. அதை அழிக்காமல் விட்டால் சில வாரமோ சில மாதமோ கழித்து, கொசுவே கடிக்காமல், அதே மலேரியா திரும்பி வரும்.

இதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு வழி, பிரைமாகுவினைத் தினமும் தராமல் வாரம் ஒரு முறை கிலோவுக்கு 0.75 மி.கி. வீதம் எட்டு வாரம் தருவது. 20 கிலோ பையனுக்கு வாரத்துக்கு 15 மி.கி. ஒரு வேளை உடைக்கும் கிழட்டு அணுக்களின் இடத்தை அடுத்த வாரத்துக்குள் இளம் அணுக்கள் நிரப்பிக்கொள்ளும் என்பது கணக்கு. இதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்யலாம். முதல் வேளைக்குப் பிறகு வரும் நாட்களில் ஹீமோகுளோபினை அளந்து, சிறுநீரைப் பார்த்துத்தான் அடுத்த வேளை. கணக்கு தெரிந்துவிட்டது என்று வீட்டிலேயே வாரத்துக்கு ஒரு மாத்திரை கொடுக்கிற வேலை வேண்டாம். ஏற்கெனவே ஒரு முறை மோசமாக உடைந்த சிறு குழந்தைக்கு நான் இதற்கு அவசரப்பட மாட்டேன். மலேரியா திரும்பினால் திரும்பட்டும், ஒவ்வொரு முறையும் குளோரோகுவின் கொடுத்துக்கொள்ளலாம் என்று பெற்றோரோடு பேசி முடிவெடுப்பேன். டாஃபெனோகுவின் என்ற ஒரே வேளை மருந்து ஒன்றும் உண்டு. அது உடம்பில் வாரக்கணக்கில் தங்கும், ஆரம்பித்தால் திரும்ப எடுக்க வழியில்லை, அதனால் இவர்களுக்கு அது அறவே கூடாது.

ஃபால்சிபாரம் மலேரியா என்று வந்தாலும் சொல்லிவிடுங்கள். அதற்கும் இரண்டாம் நாள் ஒரு வேளை பிரைமாகுவின் கொடுக்கும் வழக்கம் உண்டு. முனிசிபாலிட்டி தவாகானாவில் மாத்திரையை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பவருக்கு உங்கள் பையனைத் தெரியாது. நீங்கள்தான் வாய் திறக்க வேண்டும்.

மலேரியா மாத்திரை தவிர வேறு எதெல்லாம் கூடாது?

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் நூற்றுக்கணக்கில் நீளும், அதில் பாதிக்குமேல் பழைய சந்தேகங்கள். அந்த மருந்து கொடுத்த சமயத்தில் குழந்தைக்கு ஏற்கெனவே காய்ச்சல் இருந்திருக்கும், அணுவை உடைத்தது காய்ச்சல், பழி மருந்தின் மேல். நான் சந்தேகமே இல்லாமல் வேண்டாம் என்று சொல்லும் மருந்துகள் கொஞ்சம்தான்.

பிரைமாகுவின், டாஃபெனோகுவின் பற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்தது டாப்சோன், தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் தருவது. அப்புறம் நைட்ரோஃப்யூரன்டோயின். குழந்தைகள் விஷயத்தில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், ஏனென்றால் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும் குழந்தைக்கு ராத்திரி ஒரு வேளை என்று மாதக்கணக்கில் எழுதிக் கொடுப்பார்கள். சிறுநீர் எரிச்சலுக்குத் தரும் ஃபெனாசோபைரிடினும் கூடாது. அது சாதாரண ஆளுக்கே சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் என்பதால் நிறத்தைப் பார்த்து எச்சரிக்கை அடையவும் முடியாது. பழைய நாலிடிக்ஸிக் அமிலமும், வயிற்றுப்போக்குக்குக் கொடுத்துவந்த ஃப்யூராசோலிடோனும் இதே வரிசை. ஆஸ்பத்திரிக்குள் மட்டும் பயன்படுபவை இரண்டு: மெத்திலீன் ப்ளூ, புற்றுநோய் சிகிச்சையில் யூரிக் அமிலத்தைக் குறைக்கத் தரும் ராஸ்புரிகேஸ்.

கோ-டிரைமாக்ஸஸோல் போன்ற சல்ஃபா மருந்துகள், சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை, இவை நடுவில் நிற்பவை. பெரும்பாலானவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். ஆனாலும் வேறு மருந்து இருக்கும்போது இதைத் தேர்ந்தெடுக்க அவசியமில்லை. வேறு வழி இல்லை என்றால் சிறுநீர் நிறத்தைக் கவனித்துக்கொண்டு கொடுக்கலாம்.

அமாக்ஸிசிலின், செஃபிக்ஸைம், அஸித்ரோமைசின், சளிக்கும் அலர்ஜிக்கும் தரும் செட்ரிஸின் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். பல் பிடுங்க லிக்னோகேய்ன் ஊசியும் சரி. பிறந்த குழந்தைக்குப் போடும் வைட்டமின் கே1 ஊசியும் சரி.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாமா? வைட்டமின் சி மிட்டாய்?

பாராசிட்டமால் எடைக்குரிய அளவில், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., கொடுக்கலாம். ஐபுப்ரோஃபெனும் தடையில்லை, ஆனால் டெங்கு சீசனில் அதை வேறு காரணத்துக்காகத் தவிர்ப்போம். ஆஸ்பிரின் குழந்தைக்கு எப்படியும் வேண்டாம். நெல்லிக்காய், எலுமிச்சை, ஆரஞ்சு, ஒரு வைட்டமின் சி மிட்டாய், எதுவும் பிரச்சினை இல்லை. ஆபத்து நரம்பில் ஏற்றும் மிகப்பெரிய அளவில்தான்.

பீன்ஸ், அவரைக்காய், மொச்சை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். சாம்பாரும் நிறுத்த வேண்டுமா?

நிறுத்தியதையும் திரும்ப ஆரம்பியுங்கள். துவரம்பருப்பு, கடலை, பட்டாணி, ராஜ்மா, பீன்ஸ், வேர்க்கடலை எதிலும் இந்த ஆபத்து இல்லை. சாம்பார் இல்லாமல் ஒரு தமிழ்ப் பையனை வளர்ப்பதுதான் கஷ்டம்.

தவிர்க்க வேண்டியது ஒரே ஒரு செடியின் விதை: ஃபாவா. இந்தியில் பாக்லா என்பார்கள். அதில் வைசின், கான்வைசின் என்ற இரண்டு பொருட்கள் இருக்கின்றன, அவைதான் அணுவை உடைக்கும். பச்சையாகத் தின்றால் வேகம் அதிகம், வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. தின்ற ஓரிரு நாளுக்குள் சிறுநீர் கறுத்துவிடும். அவரைக்காயை ஆங்கிலத்தில் எழுதும்போது ஃபாவாவுக்குரிய அதே பெயரைப் பலர் போட்டுவிடுவதால்தான் இந்தக் குழப்பம். நம் அவரையும் மொச்சையும் வேறு செடி. மாட்டுங்கா மார்க்கெட்டில் வால், பாப்டி, பாவ்டா என்று விற்பதும் அந்த அவரைக் குடும்பம்தான், சாப்பிடலாம்.

ஃபாவா நம் சமையலில் இல்லை, ஆனால் வீட்டுக்குள் வரும் வழிகள் உண்டு. வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவரும் டின்களில் ‘ஃபூல்’ என்று எழுதியிருந்தால் அது ஃபாவா. உப்பு போட்டு வறுத்த பெரிய, தட்டையான பயறு வரும் நொறுக்குத் தீனிப் பாக்கெட்டையும் திருப்பிப் படியுங்கள். ஃபலாஃபெல் இங்கே பெரும்பாலும் கொண்டைக்கடலையில்தான் செய்கிறார்கள், ஆனால் ஃபாவா கலந்து செய்வதும் உண்டு. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். கைக்குழந்தைக்குக் குறைபாடு இருந்தால் பால் கொடுக்கும் அம்மாவும் ஃபாவா சாப்பிடக் கூடாது.

பீரோவில் பாச்சா உருண்டை போட்டு வைப்போம். அதுவுமா?

அதுதான் முதலில். ஃபாவாவை நம் பையன் ஆயுளில் பார்க்காமலே போகலாம், பாச்சா உருண்டை எல்லா வீட்டிலும் இருக்கிறது. இங்கே மளிகைக் கடையில் ‘டாம்பர் கோலி’ என்று கேட்டால் கொடுப்பார்கள். சில வீடுகளில் வாஷ்பேசின் ஓட்டையிலும் பாத்ரூம் மூலையிலும் போட்டு வைப்பார்கள். அது நாஃப்தலீன். விழுங்க வேண்டும் என்று அவசியமில்லை, ஆவியாகி மூச்சிலும் போகும், துணி வழியாகத் தோலிலும் ஏறும்.

பிறந்த குழந்தைக்கு இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மூத்த குழந்தையின் உல்லன் சட்டையும் போர்வையும் டிரங்குப் பெட்டியில் பாச்சா உருண்டையோடு இருக்கும். தம்பி பிறந்ததும் எடுத்துச் சுற்றுவார்கள். அதற்கு முன் பாட்டி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருப்பார். நாஃப்தலீன் எண்ணெயில் கரையும் பொருள், எண்ணெய்ப் பசை உள்ள தோல் அதை இன்னும் வேகமாக உறிஞ்சும். இரண்டு மூன்று நாளில் குழந்தை மஞ்சளாகும், ‘எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான், வெயிலில் காட்டு’ என்பார்கள். குறைபாடுள்ள கைக்குழந்தைக்கு அந்த மஞ்சள் மூளை வரை போய் நிரந்தரச் சேதம் செய்யலாம். ஆகவே உருண்டைகளை வீட்டை விட்டே அனுப்புங்கள், அந்தத் துணிகளைத் துவைத்து, வாசனை போகும்வரை வெயிலில் காயவையுங்கள். விருந்தாளி வீட்டிலிருந்து வரும் பழைய துணிகளுக்கும் இதே கதைதான். பூச்சிக்கு வேப்பிலை போட்டு வைக்கலாம்.

பையன் உருண்டையை மிட்டாய் என்று வாயில் போட்டுவிட்டால், அந்த நிமிஷம் நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், விளைவு ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். பாலோ எண்ணெயோ கொடுக்காதீர்கள், கொழுப்பு அதை உள்ளே இழுக்கும். இந்த மாதிரி சமயத்தில் உதடு நீலமாகி, விரல் மீட்டரில் ஆக்ஸிஜன் குறைந்து, மாஸ்க் வைத்தும் ஏறாமல் நிற்கலாம். ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாறியிருப்பதால் வருவது அது. மற்றவர்களுக்கு அதற்கு மருந்து மெத்திலீன் ப்ளூ. இவனுக்கு அதே மருந்து அணுவை மேலும் உடைக்கும். அதனால் அவசர சிகிச்சைப் பிரிவில் நுழைந்ததும் ‘ஜி6பிடி’ என்று முதலில் சொல்லுங்கள்.

மருதாணி வைக்கலாமா?

கைக்குழந்தைக்கு வேண்டாம். மருதாணியின் நிறப்பொருளே தோல் வழியாக உறிஞ்சப்பட்டு அணுவை உடைத்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன, பெரும்பாலும் உடம்பில் பெரிய பரப்பில் பூசப்பட்ட சின்னக் குழந்தைகளில். பெரிய பையனுக்குக் கல்யாண வீட்டில் விரல் நுனியில் ஒரு பொட்டு வைத்தால் நான் பதற மாட்டேன், ஆனால் குறைபாடு தெரிந்த பிறகு எதற்கு வம்பு.

எந்த மருந்தும் கொடுக்கவில்லை, வெறும் காய்ச்சல்தான். ஆனாலும் கண் மஞ்சளாகிவிட்டது. எப்படி?

தொற்றே ஒரு தூண்டுதல், உண்மையில் மருந்துகளைவிட அதிகமாக அணுவை உடைப்பது அதுதான். கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுக்கள் வெளிவிடும் பொருட்கள் பக்கத்தில் இருக்கும் சிவப்பணுவையும் தாக்கும். நிமோனியா, டைபாய்டு, மழைக்காலத்தில் தண்ணீர் வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ எல்லாம் இதில் சேரும்.

ஹெபடைடிஸ் தனியாகச் சொல்ல வேண்டியது. கல்லீரல் ஏற்கெனவே கண்ணை மஞ்சளாக்கும் பிலிரூபினை வெளியேற்ற முடியாமல் திணறும், அந்த நேரம் பார்த்து அணுக்களும் உடைந்து இன்னும் பிலிரூபினைக் கொட்டும். சாதாரணப் பையனுக்கு 8, 10 என்று நிற்கும் பிலிரூபின் இவனுக்கு 30-ஐத் தாண்டுவது உண்டு. அந்த எண்ணைப் பார்த்துக் கல்லீரல் செத்துவிட்டது என்று பயந்துவிடுவார்கள். கல்லீரல் உண்மையில் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ரத்தம் உறையும் நேரம்தான் சொல்லும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊர்ப்பக்கத்திலிருந்து காமாலைக்குப் பொடி வரவழைப்பதை மட்டும் இந்தப் பையனுக்குச் செய்யாதீர்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி ஒரு வயதுக்கு மேல் போடலாம், இந்தக் குழந்தைகளுக்கு நான் கட்டாயம் போடச் சொல்வேன்.

எதைப் பார்த்தால் ராத்திரியே ஓட வேண்டும்?

சிறுநீர். வீட்டில் செய்யக்கூடிய ஒரே நம்பகமான சோதனை அதுதான். காய்ச்சல் வந்தாலோ புது மருந்து ஆரம்பித்தாலோ ஐந்து நாள் வரை, தினம் காலையில் வெள்ளை டப்பாவில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் குறைவாகக் குடித்தால் வரும் அடர்மஞ்சள் வேறு, நாலு டம்ளர் தண்ணீர் குடித்தால் அது வெளுத்துவிடும். தண்ணீர் குடித்தும் தேநீர், கோலா நிறத்தில் நின்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உள்ளங்கையும் நாக்கும் வெளுப்பது, படி ஏறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் இல்லாத தூக்கக் கலக்கம், சிறுநீரின் அளவே குறைவது, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அப்படியே.

ஸ்கூலிலும் மெடிக்கல் ஷாப்பிலும் என்ன சொல்லி வைப்பது?

ஒரு சின்ன அட்டை எழுதி லேமினேட் செய்து பையில் போடுங்கள். பையனின் பெயர், ரத்த வகை, ‘ஜி6பிடி குறைபாடு’, அளவு எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் எடுத்தது, கீழே கூடாத மருந்துகள்: பிரைமாகுவின், டாஃபெனோகுவின், டாப்சோன், நைட்ரோஃப்யூரன்டோயின், ஃபெனாசோபைரிடின், நாலிடிக்ஸிக் அமிலம், ஃப்யூராசோலிடோன், மெத்திலீன் ப்ளூ, ராஸ்புரிகேஸ். ஆஸ்பத்திரியில் காட்ட இதையே ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். மருந்தின் வேதிப்பெயரை எழுதுங்கள், கம்பெனிப் பெயரை எழுதினால் பயனில்லை. ஒரே மருந்து பத்துப் பெயரில் விற்கிறது. ஸ்ட்ரிப்பின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் அந்தப் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மெடிக்கல் ஷாப் கவுண்டரை விட்டு நகர வேண்டும். அட்டையின் போட்டோவை அப்பா, அம்மா, ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி எல்லோருடைய போனிலும் அனுப்பி வையுங்கள்; மே மாத லீவில் பையன் திருநெல்வேலியில் இருக்கும்போதும் காய்ச்சல் வரத்தான் செய்யும்.